பொதுத்தேர்வுக்கு முன் மாணவர் மன அழுத்தம்: எதைக் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது

பிளஸ் டூ பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் மாணவரின் மன அழுத்தத்தை அளக்க முற்படும் ஓர் ஆய்வு, களத்தில் இறங்குவதற்கு முன்பே இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். மாணவரிடம் எதைக் கேட்பது என்பது முதல் முடிவு. எத்தனை மாணவரிடம் கேட்பது என்பது இரண்டாவது. ஆய்வேடுகளில் இவ்விரண்டும் வெவ்வேறு இயல்களில் எழுதப்படுவதால், ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. வினாநிரல் எங்கிருந்தோ மொழிபெயர்க்கப்படுகிறது. மாதிரியின் அளவு ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே முடிவின் இரு பகுதிகள் என்பதையும், கேள்வியில் நேரும் குறைகளில் எதை ஆட்களைக் கூட்டிச் சரிசெய்யலாம், எதை எவ்வளவு ஆட்களைக் கூட்டினாலும் சரிசெய்ய முடியாது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டு ஆய்வின் வழியே காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாவட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே பிளஸ் டூ பயிலும் மாணவர் 20,000 பேர். அவர்களுள் 10,000 பேர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், 10,000 பேர் சுயநிதிப் பள்ளிகளிலும் படிக்கின்றனர். மார்ச் மாதத் தேர்வுக்கு முன், இவ்விரு வகைப் பள்ளி மாணவரின் அழுத்தத்தில் வேறுபாடு உண்டா என்பதும், பள்ளி நாள்களில் இரவு ஆறு மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்குவோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதும் ஆய்வின் இரு முதன்மைக் கேள்விகள். ஆய்வின் கேள்வி இவ்வளவு திட்டமாக எழுதப்படாத வரையில் வினாநிரலையும் வரைய முடியாது, மாதிரியின் அளவையும் கணக்கிட முடியாது.

அளவுகோலும் அதன் எல்லையும்

அழுத்தத்தை அளக்கும் அளவுகோல்களுள் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது, கோயன், கமார்க், மெர்மல்ஸ்டைன் ஆகிய மூவர் 1983-இல் வெளியிட்ட உணரப்படும் அழுத்த அளவுகோல். முதலில் 14 கேள்விகளுடன் இருந்த அது, பின்னர் 10 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவத்தைப் பெற்றது. கடந்த ஒரு மாதத்தில் குறிப்பிட்ட உணர்வு எவ்வளவு முறை ஏற்பட்டது என்று ஒவ்வொரு கேள்வியும் வினவ, ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0 முதல் ‘மிக அடிக்கடி’ என்பதற்கு 4 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. ஆகவே கூட்டுத்தொகை 0-க்கும் 40-க்கும் இடையே அமையும். இது நோயறியும் கருவியன்று. இத்தனை புள்ளிக்கு மேல் எடுத்தவர் பாதிக்கப்பட்டவர் என்று பிரிக்கும் மருத்துவ எல்லை எதுவும் இதற்கு வகுக்கப்படவில்லை. எனவே இதை வைத்து ‘இத்தனை விழுக்காட்டு மாணவருக்குக் கடும் மன அழுத்தம்’ என்று அறிவிக்கும் ஆய்வு, தானே கிழித்த கோட்டின் ஒரு பக்கத்தில் நிற்பவரை எண்ணிச் சொல்கிறதே அன்றி வேறில்லை. இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவதற்கு அத்தகைய கோடு தேவைப்படுவதில்லை. அதனால்தான் எடுத்துக்காட்டு ஆய்வு முதல் கேள்வியைச் சராசரியாகவும், தூக்கம் பற்றிய இரண்டாவது கேள்வியை மட்டும் விழுக்காடாகவும் அமைத்துக்கொள்கிறது.

இன்னோர் எல்லையும் உண்டு. இந்த அளவுகோலில் தேர்வு என்ற பேச்சே இல்லை. மாணவரின் மனத்தைத் தேர்வின் பக்கம் முன்கூட்டியே திருப்பிவிடாமல் அளக்கிறது என்பது அதன் நன்மை. அளக்கப்பட்ட அழுத்தம் தேர்வால்தான் வந்தது என்று சொல்ல இடம் தராது என்பது அதன் குறை. பிப்ரவரியில் ஒருமுறை மட்டும் அளந்தால், அந்த மாதத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்றே கூற முடியும். தேர்வு நெருங்குவதால் அழுத்தம் உயர்ந்தது என்று கூற வேண்டுமானால், அதே மாணவரைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும், எடுத்துக்காட்டாக ஜூலையில், ஒருமுறை அளந்திருக்க வேண்டும். படிப்புச் சுமையையே நேரடியாகக் கேட்கும் அளவுகோல் வேண்டுவோருக்கு, சீன வளரிளம் பருவத்தினரிடம் உருவாக்கப்பட்டு 2011-இல் வெளியான, 16 கேள்விகள் கொண்ட கல்விசார் அழுத்த அளவுகோல் உள்ளது. எதைத் தேர்ந்தாலும் தமிழாக்கத்தை ஒருவர் செய்ய, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும் முறை பின்பற்றப்பட வேண்டும்.

கேள்வி கெடும் வழிகள்

அளவுகோலுடன் ஆய்வாளர் சேர்க்கும் சொந்தக் கேள்விகளில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. ‘பெற்றோரும் ஆசிரியரும் அதிக மதிப்பெண் எடுக்கும்படி உங்களை வற்புறுத்துகிறார்களா?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் வற்புறுத்தல் மிகுந்தும் பள்ளியில் அது இல்லாமலும் இருக்கும் மாணவர் இதற்கு எந்தப் பதிலையும் உண்மையாகத் தர முடியாது. ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதால், ‘ஆம்’ என்ற விடை வந்தாலும் எதற்கு ஆம் என்பது பின்னர் யாருக்கும் தெரியாது. இதைப் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று எனப் பிரித்துவிட்டால் குறை நீங்கிவிடும்.

‘பொதுத்தேர்வு பயம் உங்களை எந்த அளவுக்கு வாட்டுகிறது?’ என்பது வேறு வகைப் பிழை. பயம் இருக்கிறது, அது வாட்டவும் செய்கிறது என்று கேட்பவரே முடிவு கட்டிவிட்டு, அளவை மட்டும் மாணவரிடம் விட்டுவிடுகிறார். ‘நீங்கள் போதுமான அளவு தூங்குகிறீர்களா?’ என்பது மூன்றாம் வகை. ஒருவருக்குப் போதுமானது ஐந்து மணி நேரம், மற்றொருவருக்கு எட்டு மணி நேரம். ‘கடந்த வாரம் பள்ளிக்குச் சென்ற நாள்களில் வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?’ என்று கேட்டால், கணக்கிடும் வேலை ஆய்வாளரிடம் வந்துவிடுகிறது. மாணவர் நினைவிலிருந்து எளிதாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறார்.

இப்பிழைகளைக் கண்டறிய ஆய்வாளரின் மேசை போதாது. எட்டு அல்லது பத்து மாணவரைத் தனித்தனியே அமர்த்தி, ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் செய்து, அது எதைக் கேட்கிறது என்று அவர்கள் தம் சொற்களிலேயே விளக்கும்படி கேட்க வேண்டும். தமிழ்வழி மாணவர், ஆங்கிலவழி மாணவர், கலைப்பிரிவினர், அறிவியல் பிரிவினர், தொழிற்பிரிவினர் அனைவரும் அந்தச் சிறு குழுவில் இருப்பது நல்லது. இருவருக்கு மேற்பட்டோர் ஒரு கேள்வியை வேறு பொருளில் எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்வி மாற்றப்பட வேண்டும். இதன் பிறகே, முதன்மை ஆய்வில் இடம்பெறாத ஒரு பள்ளியில் ஏறத்தாழ 40 பேரிடம் முன்னோட்டம் நடத்தி, எந்தக் கேள்வி விடையின்றி விடப்படுகிறது, முழுத்தாளையும் நிரப்ப எவ்வளவு நேரமாகிறது என்பன பார்க்கப்படும்.

முன்னோட்டத் தரவிலேயே தெரிந்துவிடும் பிழையொன்று தனிக் கவனத்துக்கு உரியது. உணரப்படும் அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்விகளுள் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நம்பிக்கையையும் கட்டுப்பாட்டையும் கேட்பவை. அவற்றில் 4 என்ற விடை குறைந்த அழுத்தத்தைக் குறிப்பதால், கூட்டுவதற்கு முன் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இதை மறந்தவரின் கணக்கில் கேள்விகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஒரே அளவுகோலின் கேள்விகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் நகர்கின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் அப்போது மிகவும் சரிந்துவிடும்; அந்த நான்கு கேள்விகளும் மற்றவற்றின் கூட்டுத்தொகையுடன் எதிர்மறை உறவு காட்டும். எதிர்மறை உறவைக் கண்டால் மாணவர் கவனமின்றி விடையளித்தனர் என்று முடிவு செய்வதற்கு முன் இந்த மாற்றத்தைச் சரிபார்க்க வேண்டும்.

384 எங்கிருந்து வருகிறது

மாதிரியின் அளவுக்கு வந்தால், கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் எண் 384. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணை இதைப் பரவலாக்கியது. பெரிய மக்கள்தொகைகளுக்கு அந்த எண் பின்வரும் வாய்பாட்டிலிருந்து கிடைக்கிறது.

n = z² p (1 − p) / d²

இதில் p என்பது மதிப்பிட விரும்பும் பங்கு. அது தெரியாதபோது, மிகப் பெரிய மாதிரியைக் கோரும் 0.5 எடுத்துக்கொள்ளப்படுகிறது. d என்பது பொறுத்துக்கொள்ளும் பிழை எல்லை. இங்கே 5 விழுக்காடு, அதாவது 0.05. z என்பது 95 விழுக்காட்டு நம்பக அளவுக்கு உரிய 1.96. பெருக்கி வகுத்தால் 384.16 கிடைக்கிறது, முழு ஆளாக மேல்நோக்கிக் கொண்டால் 385. மாவட்டத்தில் 20,000 மாணவரே உள்ளனர் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் விடை 377-ஆகத்தான் குறைகிறது. 2,00,000 பேர் இருந்தால் 384. மக்கள்தொகை பத்து மடங்கு பெருகியும் மாதிரி ஏழு பேரால் மட்டுமே கூடுகிறது என்பதால், ‘மொத்த மாணவரில் பத்து விழுக்காடு எடுக்க வேண்டும்’ என்று சொல்லப்படும் விதிக்கு ஆதாரமில்லை என்பது தெளிவாகும்.

இந்த வாய்பாட்டில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. 20,000 மாணவரின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்து, அதிலிருந்து ஒவ்வொருவரும் மற்றவரைச் சாராமல் குலுக்கல் முறையில் எடுக்கப்பட வேண்டும். நடைமுறையில் எவரும் அப்படி எடுப்பதில்லை. சில பள்ளிகளைத் தேர்ந்து, அங்கே வகுப்பறையில் இருக்கும் பலரிடம் தாளைக் கொடுத்து வாங்குவதே வழக்கம். ஒரே பள்ளி மாணவர் ஒரே தலைமையாசிரியரின் கண்டிப்பையும், ஒரே திருப்புதல் தேர்வு அட்டவணையையும், ஒரே சிறப்பு வகுப்பு நேரத்தையும் பகிர்ந்துகொள்வதால், அவர்களின் விடைகள் ஓரளவு ஒத்திருக்கும். அப்பள்ளியின் இருபதாவது மாணவர் தரும் விடையில் முதல் பத்தொன்பது பேர் ஏற்கெனவே சொல்லிவிட்ட பகுதியும் கலந்திருக்கிறது.

இந்த ஒப்புமையின் அளவை உள்கொத்து ஒட்டுறவு என்பர். கொத்து என்பது இங்கே பள்ளி. ஒரு பள்ளிக்கு m பேர் வீதம் எடுத்து, ஒட்டுறவு ρ ஆக இருந்தால், தேவைப்படும் மாதிரி 1 + (m − 1)ρ மடங்கு பெருக வேண்டும். இப்பெருக்கத்துக்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர். ஒட்டுறவு 0.05 என்ற சிறிய மதிப்பாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டே பள்ளிகளுக்குச் சென்று 192 பேர் வீதம் 384 தாள்களைத் திரட்டிய ஆய்வில் இந்த விளைவு 1 + 191 × 0.05, அதாவது 10.55. 384-ஐ அதனால் வகுத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 36. திரட்டிய தாள்கள் 384 ஆனாலும், அவற்றின் தகவல் மாவட்டம் முழுவதிலிருந்தும் குலுக்கி எடுத்த 36 பேரின் தகவலுக்கே ஈடு. பிழை எல்லையும் 5 விழுக்காடாக இல்லாமல் 16 விழுக்காடாக விரிகிறது. அவ்விரண்டில் ஒன்று அரசுப் பள்ளி, மற்றொன்று சுயநிதிப் பள்ளி என்று வைத்து ஒப்பிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். காணப்படும் வேறுபாடு பள்ளியின் வகையால் வந்ததா, அந்தக் குறிப்பிட்ட இரு பள்ளிகளின் இயல்பால் வந்ததா என்று பிரித்தறிய எந்தக் கணக்கும் உதவாது.

ஆயிரம் என்ற எண்

எடுத்துக்காட்டு ஆய்வு ஒரு பள்ளிக்கு 25 பேர் என்று வைத்துக்கொள்கிறது. வடிவமைப்பு விளைவு 1 + 24 × 0.05, அதாவது 2.2. தூக்கம் பற்றிய கேள்விக்கு 385 × 2.2 = 847 நிறைவான தாள்கள் தேவை. பெற்றோர் ஒப்புதல் வராமை, வருகையின்மை, பாதியில் விடப்பட்ட தாள் ஆகியவற்றால் நூற்றுக்கு 15 பேர் குறைவர் என்று கொண்டு 0.85-ஆல் வகுத்தால் 997. ஆகவே 40 பள்ளிகள், பள்ளிக்கு 25 பேர், மொத்தம் 1,000. பள்ளிக்கு 50 பேர் வீதம் எடுத்தால் பள்ளிகளின் எண்ணிக்கை 32-ஆகக் குறையும். ஆனால் மாணவர் எண்ணிக்கை 1,600-ஐத் தொடும். எட்டுப் பள்ளிகளுக்கான பயணத்தை மிச்சப்படுத்த 600 தாள்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

முதல் கேள்வியாகிய சராசரி ஒப்பீட்டுக்கு இந்த ஆயிரம் போதுமா என்பது தனியாகப் பார்க்கப்பட வேண்டும். எவ்வளவு வேறுபாடு இருந்தால் அது பொருட்படுத்தத் தக்கது என்பதை ஆய்வாளரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இங்கே 40 புள்ளிகளில் 2 புள்ளி என்று கொள்ளப்படுகிறது. மாணவரிடையே புள்ளிகள் சராசரியிலிருந்து சிதறும் அளவாகிய திட்டவிலக்கம் 7 என்று கருதினால், உண்மையில் அந்த 2 புள்ளி வேறுபாடு இருக்கும்போது அதை நூற்றுக்கு 80 தடவை கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு 2 × (1.96 + 0.84)² × 7² / 2², அதாவது 193 பேர் வேண்டும். அதை 2.2-ஆல் பெருக்கினால் 425; 0.85-ஆல் வகுத்தால் 500. இரு குழுக்களுக்கும் சேர்த்து மீண்டும் ஆயிரமே வருகிறது. 0.05, 7, 15 விழுக்காடு ஆகிய மூன்றும் அனுமானங்கள் என்பதால், ஒட்டுறவு 0.10 ஆனால் என்னவாகும் என்ற கணக்கையும் திட்ட அறிக்கையில் அருகிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்நிலையில் வடிவமைப்பு விளைவு 3.4 ஆகி, அதே ஆயிரம் பேரைக் கொண்டு 2 புள்ளியைவிடப் பெரிய வேறுபாட்டையே உறுதியாகக் காண முடியும்.

வினாநிரலும் மாதிரி அளவும் சந்திக்கும் இடம் இந்த 7 என்ற எண்தான். மாணவரிடையே உண்மையாக உள்ள வேறுபாட்டோடு, கேள்வி தெளிவில்லாததால் தற்செயலாக மாறும் விடைகளின் சிதறலும் அதற்குள் அடங்கியிருக்கிறது. மொத்தச் சிதறலில் உண்மையான பகுதி எவ்வளவு என்பதே நம்பகம்; நன்றாகச் சோதிக்கப்பட்ட பத்துக் கேள்விகளில் அது 0.8 இருக்கும் என்றும், அவசரத்தில் எழுதப்பட்ட சில கேள்விகளில் 0.5-ஆகச் சரியும் என்றும் கொண்டால், அதே வேறுபாட்டைக் காண ஒரு குழுவுக்கு 193 பேர் என்பது 309 பேராகிவிடும். பத்து மாணவருடன் அமர்ந்து கேள்விகளைத் திருத்தும் இரண்டு நாள் வேலை, நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை மிச்சப்படுத்துகிறது. ஆனால் இவ்வாறு ஆட்களைக் கூட்டி ஈடுகட்டக்கூடியது தற்செயலான சிதறல் மட்டுமே. ‘வாட்டுகிறது’ என்று கேட்டு எல்லோரின் விடையையும் ஒரே பக்கமாகத் தள்ளிய கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டாலும் பத்தாயிரம் பேரிடம் கேட்டாலும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். மாதிரி பெருகப் பெருகப் பிழை எல்லை மட்டும் சுருங்கி, தவறான விடைக்கு உறுதியான தோற்றத்தைத் தரும்.

யார் தேர்வாகிறார், யார் விடுபடுகிறார்

40 பள்ளிகளை எடுக்கும் முறையிலும் நீதி வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் சம வாய்ப்பளித்துவிட்டு ஒவ்வொன்றிலும் 25 பேரை எடுத்தால், 50 பேர் உள்ள சிறு பள்ளியின் மாணவருக்கு 400 பேர் உள்ள பெரிய பள்ளியின் மாணவரைவிட எட்டு மடங்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். இதனால் பள்ளி தேர்வாகும் வாய்ப்பு அதன் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. 10,000 பேர் கொண்ட ஒரு பிரிவிலிருந்து 20 பள்ளிகளை எடுக்கும்போது, 400 பேர் உள்ள பள்ளிக்கு 0.8 வாய்ப்பும், அதற்குள் ஒரு மாணவருக்கு 25/400 வாய்ப்பும் கிடைக்க, பெருக்கினால் 0.05 வருகிறது. 50 பேர் உள்ள பள்ளிக்கு 0.1 வாய்ப்பும், அதன் மாணவருக்கு 25/50 வாய்ப்பும் கிடைக்க, பெருக்குத்தொகை மீண்டும் 0.05. எந்தப் பள்ளியில் படித்தாலும் இருபதில் ஒரு வாய்ப்பு என்ற சமநிலை இப்படி உருவாகிறது.

பள்ளிக்குள் 25 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வருகைப் பதிவேடும் சமவாய்ப்பு எண்களுமே, வகுப்பாசிரியர் அல்லர். ஆசிரியர் அனுப்புவோர் நன்றாக எழுதக்கூடியவராக இருப்பர். அன்று வராதவரின் பெயர் தேர்வானால், அவருக்குப் பதிலாக அடுத்த இருக்கை மாணவரைச் சேர்க்காமல், மற்றொரு நாள் சென்று அவரையே பார்க்க வேண்டும். தேர்வு நெருங்கும் வேளையில் பள்ளிக்கு வராமலிருப்பதே அழுத்தத்தின் அடையாளமாக இருக்கக்கூடும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று 50,000-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வரவில்லை. வகுப்பறையில் இருப்போரிடம் மட்டும் கேட்கும் ஆய்வின் கண்ணில் இத்தகையோர் படவே மாட்டார்கள் என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

காலமும் ஒரு மாறியே. அரசுப் பள்ளிகளை ஜனவரியில் முடித்துவிட்டுச் சுயநிதிப் பள்ளிகளுக்குப் பிப்ரவரி இறுதியில் சென்றால், பள்ளியின் வகையும் தேர்வின் நெருக்கமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும். ஆகவே செய்முறைத் தேர்வு நாள்களைத் தவிர்த்த ஒரே இரண்டு வார இடைவெளிக்குள், இரு வகைப் பள்ளிகளையும் கலந்த வரிசையில் முடிக்க வேண்டும். தாள் நிரப்பப்படும்போது ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது. பெயரோ தேர்வு எண்ணோ தாளில் இடம்பெறக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயது நிரம்பாதவரிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் ஒப்புதலோடு மாணவரின் இசைவும் வேண்டும். தனக்குத் தானே தீங்கிழைத்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வியைச் சேர்ப்பவர், ஆம் என்று எழுதிய மாணவரை அன்றே அடையாளம் கண்டு உதவ வழி வைத்திருக்க வேண்டும்; பெயரில்லாத தாளில் அது இயலாது என்பதால், எடுத்துக்காட்டு ஆய்வு அந்தக் கேள்வியைச் சேர்க்காமல், 14416 என்ற டெலி-மானஸ் உதவி எண்ணை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுக்கிறது.

இவ்வளவும் முறையாக முடிந்தபின், ஆயிரம் தாள்களையும் கண்ட கல்வி அலுவலரோ பள்ளி நிர்வாகமோ இயல்பாகக் கேட்கக்கூடியது ஒன்றுண்டு: 40 பள்ளிகளையும் அழுத்தத்தின்படி வரிசைப்படுத்தித் தர முடியுமா என்பது. ஒரு பள்ளியில் நிறைவான தாள்கள் சுமார் 21. அந்த எண்ணிக்கையில் தூக்கம் குறைந்தோரின் பங்குக்குரிய பிழை எல்லை இருபுறமும் 21 விழுக்காட்டுப் புள்ளி. ஒரு பள்ளியில் 40 விழுக்காடு, மற்றொன்றில் 60 விழுக்காடு என்று வந்தாலும் இரண்டும் உண்மையில் ஒன்றாகவே இருக்கலாம். மாவட்டத்தைப் பற்றியும் இரு வகைப் பள்ளிகளைப் பற்றியும் பேசவே இந்த ஆயிரம் கணக்கிடப்பட்டது. தனிப் பள்ளியைப் பற்றியோ தனி மாணவரைப் பற்றியோ பேச அதற்குத் தகுதியில்லை. ஆகவே இந்த மறுப்பைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி, பள்ளிகளிடம் அனுமதி பெறும்போதே கையளிப்பது ஆய்வாளரின் கடமை. தம் பள்ளியின் பெயர் எந்தத் தரவரிசையிலும் வராது என்று அறிந்த தலைமையாசிரியர் மாணவரைத் தெரிந்தெடுத்து அனுப்ப மாட்டார். தம் விடை பள்ளியின் பெயரைக் கெடுக்காது என்று அறிந்த மாணவரும் உள்ளதை உள்ளபடி எழுதுவார்.